பதினைந்து மடங்கு நோய், அதே அளவு மரணம்

தென்கொரியாவில் 1993-ஆம் ஆண்டோடு ஒப்பிட்டால் 2011-இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்படும் விகிதம் பதினைந்து மடங்காகியிருந்தது. அந்த ஓராண்டில் மட்டும் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம், "உங்கள் கழுத்தில் புற்றுநோய் இருக்கிறது" என்று சொல்லப்பட்டது. ஏறத்தாழ ஐந்து கோடிப் பேர் வாழும் நாட்டில், அதுவரை அபூர்வமாக இருந்த ஒரு நோய் புற்றுநோய்களிலேயே முதலிடத்துக்கு வந்துவிட்டது. இதே காலத்தில் அந்த நோயால் இறந்தவர்கள் எத்தனை பேர்? ஆண்டுக்கு முந்நூறு முதல் நானூறு பேர். முன்பும் அவ்வளவுதான், பிறகும் அவ்வளவுதான்.

ஒரு நோய் பதினைந்து மடங்கு பெருகும்போது அதனால் வரும் மரணமும் கொஞ்சமாவது பெருக வேண்டாமா? அல்லது, இத்தனை பேரைத் தொடக்கத்திலேயே பிடித்து அறுவை சிகிச்சை செய்துவிட்டதால் மரணம் குறையவாவது வேண்டாமா? இரண்டும் நடக்கவில்லை. கண்டறிதலின் கோடு செங்குத்தாக ஏற, மரணத்தின் கோடு தரையோடு படுத்தே கிடந்தது. புற்றுநோய்ப் பரிசோதனை பற்றி நம்மில் பலரும் யோசிக்காமல் ஏற்றுக்கொண்டிருக்கும் ஒரு நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க இந்த இரண்டு கோடுகள் போதும்.

கதை 1999-இல் தொடங்குகிறது. கொரிய அரசு அந்த ஆண்டு தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. இரைப்பை, மார்பகம், கருப்பைவாய் போன்ற சில உறுப்புகளுக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ பரிசோதனை கிடைத்தது. அந்தப் பட்டியலில் தைராய்டு இல்லை. ஆனால் பரிசோதனைக்கு வந்தவர் மருத்துவமனைக்குள் ஏற்கனவே நிற்கிறார்; அல்ட்ராசவுண்டு கருவியும் அங்கேயே இருக்கிறது. முப்பது முதல் ஐம்பது டாலர் வரை கூடுதலாகக் கொடுத்தால் கழுத்தையும் ஒரு முறை பார்த்துவிடலாம். வலி கிடையாது, கதிர்வீச்சு கிடையாது, சில நிமிடங்களில் முடிந்துவிடும். வேண்டாம் என்று சொல்ல யாருக்குத்தான் காரணம் இருந்திருக்கும்? கேட்டவர்கள் பணம் கட்டினார்கள், பார்த்தவர்கள் கண்டுபிடித்தார்கள்.

சியோலில் அப்போது நாற்பத்தைந்து வயதான ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். ஆள்தான் கற்பனை; அவர் கடக்கும் ஒவ்வொரு படியும் அந்த ஆண்டுகளில் பல்லாயிரம் பேர் கடந்தது. அவருக்குக் கழுத்தில் வீக்கம் இல்லை, குரல் கம்மவில்லை, விழுங்குவதில் சிரமம் இல்லை. ஸ்கேன் எடுப்பவர் தைராய்டு சுரப்பியின் வலப்பாதியில் ஏழு மில்லிமீட்டர் அளவில் ஒரு கரும்புள்ளியைக் காண்கிறார். ஓரம் ஒழுங்காக இல்லை. உள்ளே சுண்ணாம்புத் துகள்கள் மின்னுகின்றன. இரண்டுமே சந்தேகத்துக்குரிய அடையாளங்கள். மெல்லிய ஊசியைச் செருகிச் சில செல்களை உறிஞ்சி எடுக்கிறார்கள். நம் ஊர் ஆய்வகங்களில் எஃப்.என்.ஏ.சி. என்கிறார்களே, அதே சோதனைதான். நுண்ணோக்கியில் பார்த்த நோயியல் மருத்துவர் "பாப்பிலரி கார்சினோமா" என்று எழுதுகிறார்.

அவர் தவறாக எழுதவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பலரும் குழம்புவது இங்கேதான். இல்லாத நோயை இருப்பதாகக் காட்டும் பொய் முடிவு வேறு. அது அடுத்த சோதனையில் பொய்யென்று தெரிந்துவிடும், சில நாள் பதற்றத்தோடு போய்விடும். இந்தப் பெண்ணின் ஊசியில் வந்தவை உண்மையான புற்றுசெல்கள். உலகின் எந்த ஆய்வகத்துக்கு அனுப்பினாலும் அதே பதில்தான் வரும். கேள்வி, அந்தச் செல்கள் அவர் ஆயுளுக்குள் அவருக்கு ஏதாவது செய்யுமா என்பதுதான். எதுவும் செய்யாமலேயே இருந்திருக்கக்கூடிய புற்றுநோயைக் கண்டுபிடிப்பதையே மருத்துவர்கள் ஓவர்டயக்னோசிஸ் என்கிறார்கள். இந்த அத்தியாயத்தில் அதை மிகைக் கண்டறிதல் என்று வைத்துக்கொள்வோம்.

'புற்றுநோய்' என்ற சொல் காதில் விழுந்த பிறகு எவரும் வீட்டுக்குப் போய்ச் சும்மா இருக்கமாட்டார். கொரியாவில் கண்டறியப்பட்டவர்களில் ஏறக்குறைய எல்லோருமே அறுவைக்கூடத்துக்குப் போனார்கள். மூன்றில் இரண்டு பங்கினருக்குச் சுரப்பி முழுவதும் எடுக்கப்பட்டது. கட்டி அரை சென்டிமீட்டருக்கும் சிறிதாக இருந்தால் அறுவை வேண்டாம் என்று வழிகாட்டு நெறிகள் இருந்தபோதும், அறுவை செய்யப்பட்ட கட்டிகளில் கால்பங்கு அந்த அளவுக்கும் கீழானவை. நம் கற்பனைப் பெண்ணுக்கும் சுரப்பி போய்விட்டது.

அதற்குப் பிறகு அவர் வாழ்க்கை எப்படி இருக்கும்? தைராய்டு சுரப்பி சுரந்துவந்த ஹார்மோன் இனி மாத்திரையாகத்தான் உள்ளே போக வேண்டும். தினமும் காலையில் வெறும் வயிற்றில், சாகும்வரை. அளவு கூடினால் படபடப்பும் தூக்கமின்மையும். குறைந்தால் சோர்வும் உடல்பருமனும். அளவைச் சரிபார்க்க அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. இது எல்லோருக்கும் உண்டு. சிலருக்கு இதற்கு மேலும் உண்டு. தைராய்டுக்குப் பின்னால் அரிசிமணி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ரத்தத்தில் கால்சியம் அளவைக் காப்பது அவற்றின் வேலை. அறுவையில் அவை சேதமானால் விரல் நுனியும் உதடும் மதமதக்கும், தசை இழுத்துக்கொள்ளும். கால்சியம் மாத்திரையும் வைட்டமின் டி-யும் துணைக்கு வேண்டும். கொரியாவில் அறுவை செய்துகொண்ட பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் காப்பீட்டுப் பதிவுகளை ஆராய்ந்தபோது 11 சதவீதத்தினருக்கு இந்தப் பாதிப்பு இருந்தது. குரல்நாணுக்குப் போகும் நரம்பும் அந்தச் சுரப்பியை உரசிக்கொண்டுதான் போகிறது. 2 சதவீதத்தினருக்குக் குரல்நாண் செயலிழந்திருந்தது. நூற்றுக்கு இரண்டு என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆண்டுக்கு நாற்பதாயிரம் பேர் என்ற எண்ணோடு பெருக்கிப் பார்த்தால், ஒவ்வோர் ஆண்டும் சில நூறு பேரின் குரல் போகிறது.

இனி, அந்த இரண்டு கோடுகளுக்குத் திரும்புவோம். கண்டறிதல் ஏறியும் மரணம் அசையாததற்கு என்னென்ன விளக்கங்கள் சொல்லலாம்?

நோய் உண்மையிலேயே பெருகிவிட்டது, ஆனால் அதே அளவுக்குச் சிகிச்சையும் முன்னேறியதால் மரணம் சமநிலையில் நிற்கிறது என்று ஒருவர் வாதிடலாம். கொரியாவில் அப்படி வாதிட்டவர்கள் இருந்தார்கள். தர்க்கத்தில் பிழையில்லை. ஆனால் அது உண்மையாக இருக்க வேண்டுமென்றால், ஒவ்வோர் ஆண்டும் நோய் எத்தனை மடங்கு கூடியதோ, சரியாக அத்தனை மடங்கு சிகிச்சையும் மேம்பட்டிருக்க வேண்டும். ஓராண்டுகூட ஒன்று மற்றொன்றை முந்தியிருக்கக் கூடாது. அப்படியொரு தற்செயலை நம்புவது கடினம். தவிர, கொரியாவுக்குள்ளேயே எந்தப் பகுதியில் அதிகம் பேர் கழுத்து ஸ்கேன் எடுத்தார்களோ அந்தப் பகுதியில்தான் தைராய்டு புற்றுநோயும் அதிகம் பதிவானது. புதிதாகச் சேர்ந்த நோயாளிகள் ஏறக்குறைய அனைவருக்கும் பாப்பிலரி வகைதான் இருந்தது. கதிர்வீச்சோ உணவோ காரணமாக இருந்தால், அது ஸ்கேன் கருவி இருக்கும் ஊராகப் பார்த்து ஏன் தாக்க வேண்டும்?

எஞ்சியிருக்கும் விளக்கம், அந்தக் கட்டிகள் எப்போதும் அங்கே இருந்தன என்பதுதான். இதற்கான சான்று கொரிய அலைக்கு வெகுமுன்பே, 1985-இல், பின்லாந்திலிருந்து வந்திருந்தது. ஹராக், ஃபிரான்சிலா, வாசேனியஸ் என்ற மூவர் வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் தைராய்டு சுரப்பிகளை எடுத்து, இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளியில் வில்லை வில்லையாக அரிந்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். 36 பேரின் சுரப்பியில் பாப்பிலரி புற்றுநோய் இருந்தது. மூன்றில் ஒருவருக்கும் மேல்! அவர்களில் யாரும் அதனால் சாகவில்லை. அது இருந்தது என்றே யாருக்கும் தெரியாது. பல கட்டிகள் ஒரு மில்லிமீட்டர் அளவுகூட இல்லை. அப்படியென்றால் இரண்டு வில்லைகளுக்கு நடுவில் எத்தனை கட்டிகள் தப்பியிருக்கும் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். இன்னும் மெல்லிசாக அரிந்திருந்தால் கிட்டத்தட்ட எல்லோரிடமும் ஏதாவது ஒன்று அகப்பட்டிருக்கும் என்பது அவர்கள் முடிவு. இத்தகைய சிறு கட்டிகளை இயல்பான ஒன்றாகவே கருதலாம், தற்செயலாகக் கண்ணில் பட்டால் சிகிச்சை செய்யத் தேவையில்லை என்றும் எழுதினார்கள்.

வலைக்கண்ணைச் சிறிதாக்கினால் ஏரியில் மீன் பெருகிவிடுவதில்லை. முன்பு நழுவிப்போன குஞ்சுகளும் இப்போது கரைக்கு வருகின்றன. அல்ட்ராசவுண்டு கருவி வலைக்கண்ணைச் சிறிதாக்கியது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் மருத்துவரின் விரல் தடவிக் கண்டுபிடித்தது பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்கும் மேலான கட்டியை. கருவிக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டரே போதும். புற்றுநோய் என்றால் வளர்ந்துகொண்டே போய் ஆளைக் கொல்லும் ஒன்று என்ற எண்ணம், விரலுக்குத் தட்டுப்பட்ட காலத்துக் கட்டிகளைப் பார்த்து நாம் கற்றுக்கொண்டது. நுண்ணோக்கியில் அதே முகம் காட்டும் செல்கள் பல, மிக மெதுவாக வளர்கின்றன; சில ஓர் அளவோடு நின்றுவிடுகின்றன; சில சுருங்கவும் செய்கின்றன. செல்லின் தோற்றத்தை வைத்து அதன் எதிர்காலத்தை முழுதாகச் சொல்லும் வித்தை இன்றுவரை யாருக்கும் கைவரவில்லை.

சரி, இவ்வளவு தெரிந்தும் பரிசோதனை நன்றாக வேலை செய்கிறது என்றே ஏன் எல்லோருக்கும் தோன்றியது? ஒரு கணக்கு அந்தத் தோற்றத்தைக் கொடுத்தது. 'கண்டறியப்பட்டவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் பத்து ஆண்டுகளுக்குப் பின் உயிரோடு இருக்கிறார்கள்' என்ற பிழைப்பு விகிதம். மருத்துவமனை விளம்பரங்களில் அடிக்கடி தென்படும் எண் இதுதான்.

ஒரு சிற்றூரை எடுத்துக்கொள்வோம். எண்களும் கற்பனைதான், கணக்குக்காக. அங்கே கழுத்தில் கட்டி தெரிந்த பிறகு மருத்துவரிடம் வந்தவர்கள் பத்துப் பேர். அடுத்த பத்தாண்டுகளில் மூன்று பேர் அந்த நோயால் இறக்கிறார்கள். ஏழு பேர் பிழைக்கிறார்கள். பிழைப்பு விகிதம் 70 சதவீதம். இப்போது ஊருக்குள் ஸ்கேன் கருவி வருகிறது. கொரியாவைப் போலவே பதினைந்து மடங்கு, அதாவது 150 பேர் கண்டறியப்படுகிறார்கள். புதிதாகச் சேர்ந்த 140 பேருக்கும் இருந்தவை எதுவும் செய்யாத கட்டிகள். பத்தாண்டுகளில் அதே மூன்று பேர் இறக்கிறார்கள். 150-இல் 147 பேர் உயிரோடு இருக்கிறார்கள். பிழைப்பு விகிதம் 98 சதவீதம். எழுபதிலிருந்து தொண்ணூற்றெட்டு! எந்த அமைச்சரும் மேடையில் பெருமையாகச் சொல்லக்கூடிய எண். சுடுகாட்டுக்குப் போனவர்கள் எண்ணிக்கையோ அன்றும் மூன்று, இன்றும் மூன்று. கீழே இருக்கும் எண்ணை ஊதிப் பெருக்கினால் பின்னம் அழகாகிவிடும். அதற்கு ஓர் உயிரையும் காப்பாற்ற வேண்டிய அவசியம் இல்லை.

கொரியாவில் இந்த வேடிக்கை அதன் எல்லையையே தொட்டது. நோயாளிகளின் பிழைப்பை, அதே வயதும் பாலினமும் கொண்ட பொதுமக்களின் பிழைப்போடு ஒப்பிட்டும் ஒரு விகிதம் கணக்கிடுவார்கள். அதில் நூறு என்றால், நோயாளிகள் மற்றவர்களைப் போலவே வாழ்கிறார்கள் என்று பொருள். கொரியாவில் தைராய்டு புற்றுநோய்க்கான ஐந்தாண்டு விகிதம் நூறையும் தாண்டியது. அப்படியே படித்தால், புற்றுநோய் வந்தவர் வராதவரைவிடக் கூடுதலாக வாழ்கிறார் என்றாகும். கூடுதல் பணம் கொடுத்துக் கழுத்தைப் பார்க்க வசதியும் அக்கறையும் உள்ளவர்கள் பொதுவாகவே கொஞ்சம் ஆரோக்கியமானவர்கள், அவ்வளவுதான் மர்மம்.

ஆகவே, ஒரு பரிசோதனை உயிரைக் காக்கிறதா என்று கேட்பவர் பிழைப்பு விகிதத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. நோயாளிகளை எண்ணாமல் மொத்த மக்களை எண்ண வேண்டும். ஒரு லட்சம் பேரில் அந்த நோயால் ஆண்டுக்கு எத்தனை பேர் இறக்கிறார்கள்? பரிசோதனை வந்த பிறகு அது இறங்கியதா? இந்தக் கேள்விக்கு மட்டும் மிகைக் கண்டறிதலால் பொய்ப் பதில் சொல்ல முடியாது.

ஆனால் நம் சியோல் பெண்ணிடம் போய் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். "கணக்கெல்லாம் இருக்கட்டும், எனக்குப் புற்றுநோய் இருந்தது, தொடக்கத்திலேயே எடுத்துவிட்டார்கள், நான் உயிரோடு இருக்கிறேன்" என்பார். அதில் ஒரு சொல்லையும் மறுக்க முடியாது. அறுவை செய்யாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இனி யாராலும் பார்க்க முடியாது. அந்தக் கட்டி ஆய்வகத்து மெழுகுக்குள் இருக்கிறது. மிகைக் கண்டறிதலுக்கு ஆளானவர்களில் ஒருவரைக்கூட விரல் நீட்டி இவர்தான் என்று காட்ட முடியாது. மக்கள்தொகைக் கோடுகளில் மட்டுமே அது தெரியும். அதனால் இந்தத் தீங்குக்குச் சாட்சி சொல்ல ஆள் இல்லை. பயனுக்குச் சாட்சி சொல்ல ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஒரு பரிசோதனை எவ்வளவு அதிகம் மிகையாகக் கண்டறிகிறதோ, அவ்வளவு பேர் அதற்கு நன்றிக்கடன் பட்டவர்களாக மாறுகிறார்கள். தங்கள் தோழியை, அக்காளை, சக ஊழியரைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். மருத்துவரும் ஒவ்வொரு நாளும் குணமான முகங்களையே பார்க்கிறார். யாரும் பொய் சொல்லாமலேயே எல்லோரும் ஏமாறுவது சாத்தியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

2014 மார்ச்சில் கொரிய மருத்துவர்கள் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டார்கள்: அறிகுறி இல்லாதவர்களுக்குத் தைராய்டு ஸ்கேன் செய்வதை நிறுத்துங்கள். தொலைக்காட்சியும் நாளிதழ்களும் அதைப் பெரிய விவாதமாக்கின. அறுவை செய்யும் மருத்துவர்கள் பலரிடமிருந்து கடுமையான எதிர்ப்பு வந்தது. ஆனால் மக்கள் யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஓராண்டுக்குள் தைராய்டு அறுவை சிகிச்சைகளின் எண்ணிக்கை 35 சதவீதம் சரிந்தது. புதிதாகக் கண்டறியப்பட்டவர்களின் எண்ணிக்கையும் அதேபோலச் சரிந்தது. புதிய மருந்தோ தடுப்பூசியோ இல்லாமல், ஒரு கடிதத்தாலும் அதையொட்டி எழுந்த விவாதத்தாலும் ஒரு 'புற்றுநோய்' குறைந்தது. உண்மையான கொள்ளைநோய் அப்படிக் குறையாது. அடுத்து வந்த ஆண்டுகளில் மரண எண்ணிக்கை எழும்பவும் இல்லை.

இதில் கொரியா தனித் தீவல்ல. அங்கே கோடு செங்குத்தாக இருந்ததால் கண்ணில் குத்தியது, அவ்வளவே. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2016-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி அமெரிக்கா, இத்தாலி, பிரான்சு, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் பெண்களிடம் கண்டறியப்பட்ட தைராய்டு புற்றுநோய்களில் 70 முதல் 80 சதவீதம் மிகைக் கண்டறிதல். கொரியாவில் 90 சதவீதம்.

சரி, கண்டறிந்தாகிவிட்டது, அப்புறம் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கான பதில் ஜப்பானின் கோபே நகரில் இருக்கும் குமா மருத்துவமனையில் 1993-இலேயே தேடப்பட்டது. அகிரா மியாவுச்சி என்ற அறுவை மருத்துவர் அங்கே ஒரு யோசனையை முன்வைத்தார். ஒரு சென்டிமீட்டருக்கு மேற்படாத பாப்பிலரி கட்டி உள்ளவர்களுக்கு இரண்டு வழிகளையும் சொல்வோம்: உடனே அறுவை, அல்லது அறுவையில்லாமல் கண்காணிப்பு. கண்காணிப்பு என்றால் கைகழுவிவிடுவது அல்ல. ஆறு மாதத்தில் ஒரு ஸ்கேன், பிறகு ஆண்டுக்கு ஒன்று. கட்டி மூன்று மில்லிமீட்டர் வளர்ந்தாலோ, கழுத்தின் நிணநீர் முடிச்சில் நோய் தென்பட்டாலோ அறுவை. மூச்சுக்குழாயை ஒட்டியோ குரல்நாண் நரம்பின் பாதையிலோ கட்டி இருந்தால் தொடக்கத்திலேயே அறுவை.

புற்றுநோயைப் பார்த்துக்கொண்டே சும்மா இருப்பதா என்று அன்று பலருக்கும் அதிர்ச்சியாகத்தான் இருந்திருக்கும். அப்படிக் கண்காணிக்கப்பட்ட 1,235 பேரின் முடிவுகள் 2014-இல் வெளிவந்தன. பத்தாண்டுகளில் கட்டி மூன்று மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வளர்ந்தது 8 சதவீதத்தினருக்கு. நிணநீர் முடிச்சுக்குப் பரவியது 3.8 சதவீதத்தினருக்கு. தைராய்டு புற்றுநோயால் இறந்தவர் ஒருவரும் இல்லை. பிறகு அறுவை தேவைப்பட்டவர்களுக்கும் தாமதத்தால் தீங்கு நேரவில்லை. இன்னொன்றும் தெரிந்தது: வயது கூடக்கூடக் கட்டி வளரும் வாய்ப்புக் குறைந்தது. அறுபது வயதைக் கடந்தவர்களின் சிறு கட்டிகள்தான் மிகவும் சாதுவானவை. நாற்பதுக்குக் கீழிருப்பவர்களைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, எந்தப் பரிசோதனையும் வேண்டாம் என்று ஒருவர் முடிவுகட்டினால் அது இன்னொரு பிழை. நம் திண்டுக்கல் மாவட்டமே அதற்குப் பதில் சொல்லும். 2000-ஆம் ஆண்டில் அங்கே தொடங்கிய ஓர் ஆய்வில், 30 முதல் 59 வயது வரையிலான பெண்கள் வாழும் ஊர்களை 114 தொகுதிகளாகப் பிரித்தார்கள். குலுக்கல் முறையில் பாதித் தொகுதிகளில் கருப்பைவாய்ப் பரிசோதனை. மறுபாதியில் வழக்கமான மருத்துவ வசதி மட்டும். பரிசோதனையும் ஆடம்பரமானதல்ல. பயிற்சி பெற்ற செவிலியர், வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தை நீர்த்த கரைசலாகக் கருப்பைவாயில் தடவி, சிறிது பொறுத்து, வெண்திட்டு தோன்றுகிறதா என்று வெறுங்கண்ணால் பார்ப்பார். தோன்றினால், தகுதியுள்ளவர்களுக்கு அந்த இடத்தைக் குளிரூட்டி அழிக்கும் சிகிச்சை. சில ஆண்டுகள் கழித்துக் கணக்கெடுத்தபோது, பரிசோதனை நடந்த ஊர்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 சதவீதம் குறைந்திருந்தது. அதனால் வரும் மரணம் 35 சதவீதம் குறைந்திருந்தது. 2007-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்த முடிவு இது.

கொரியாவின் கோடுகளோடு இதை வைத்துப் பாருங்கள். அங்கே பரிசோதனையால் புற்றுநோய் எண்ணிக்கை ஏறியது, இங்கே இறங்கியது. கருப்பைவாயில் புற்றுநோய் உருவாவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அதன் முன்நிலை மாற்றங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. அவற்றை எளிதாக அழித்துவிடலாம். அந்த நிலையிலும் தானாகவே மறைந்துபோயிருக்கும் மாற்றங்கள் சிலவற்றுக்குச் சிகிச்சை செய்துவிடுகிறோம், உண்மைதான். ஆனால் அதற்கு விலை சில நிமிடச் சிகிச்சை. ஆயுள் முழுக்க மாத்திரை அல்ல. பயன், மரணம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. அதோடு, குலுக்கிப் பிரித்த இரு தரப்பையும் மொத்தமாக எண்ணியதால் இந்த ஆய்வு பிழைப்பு விகிதத்தின் மாயத்துக்கு இடமே கொடுக்கவில்லை.

மார்பகப் பரிசோதனை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பிரிட்டனில் 2012-இல் தனிக்குழு ஒன்று பழைய ஆய்வுகளை எல்லாம் அலசிச் சொன்ன கணக்கு இது: ஐம்பது வயதான பத்தாயிரம் பெண்களை இருபது ஆண்டுகள் மேமோகிராம் பரிசோதனைக்கு அழைத்தால், மார்பகப் புற்றுநோயால் இறக்கவிருந்த 43 பேர் காப்பாற்றப்படுவார்கள், எதுவும் செய்திராத புற்றுநோய்க்காக 129 பேர் சிகிச்சைக்கு ஆளாவார்கள். ஒருவர் பிழைக்க மூவர் விலை கொடுக்கிறார்கள். ஒரு பெண் இதைக் கேட்டுவிட்டு, "பரவாயில்லை, செய்துகொள்கிறேன்" என்று சொல்வதும் நியாயம். வேண்டாம் என்பதும் நியாயம். இரண்டு எண்களில் ஒன்றை மட்டும் அவரிடம் சொல்வதுதான் நியாயமில்லை.

நம் நகரங்களில் 'மாஸ்டர் ஹெல்த் செக்கப்' பொட்டலங்கள் பெருகியிருக்கின்றன. சிலவற்றில் கழுத்து ஸ்கேனும் ஒட்டிக்கொண்டு வருகிறது. அதை யாரும் கேட்டு வாங்காவிட்டாலும், கழுத்து ரத்தக்குழாயைப் பார்க்க டாப்ளர் எடுக்கும்போதோ வேறு எதற்காவது சி.டி. எடுக்கும்போதோ தைராய்டில் ஒரு புள்ளி தற்செயலாகத் தென்படும். அறிக்கையில் ஒரு வரியாக ஏறிவிடும். கழுத்தில் கைக்குப் படும் கட்டி, வாரக்கணக்கில் நீடிக்கும் குரல் மாற்றம், விழுங்கச் சிரமம், சிறுவயதில் கழுத்துக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை, குடும்பத்தில் தைராய்டு புற்றுநோய்: இவற்றில் ஏதாவது இருந்தால் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். இந்த அத்தியாயம் பேசுவது அவர்களைப் பற்றி அல்ல. இவை எதுவும் இல்லாதவர்களுக்குத் தைராய்டு புற்றுநோய்ப் பரிசோதனை வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2017-இல் திட்டவட்டமாகப் பரிந்துரைத்தது.

தற்செயலாகப் புள்ளி தென்பட்டவர் மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது அதன் அளவை. அமெரிக்கக் கதிரியல் கல்லூரி 2017-இல் வகுத்த நெறியில், ஸ்கேனில் மிக மிகச் சந்தேகமாகத் தோன்றும் கட்டிக்குக்கூட ஒரு சென்டிமீட்டரை எட்டினால்தான் ஊசி. அரை சென்டிமீட்டருக்கும் ஒரு சென்டிமீட்டருக்கும் இடைப்பட்டதை ஸ்கேனில் தொடர்ந்து கவனித்தால் போதும். சந்தேகம் குறையக் குறைய இந்த எல்லை இன்னும் உயரும்: ஒன்றரை சென்டிமீட்டர், இரண்டரை சென்டிமீட்டர் என்று. சியோல் பெண்ணின் ஏழு மில்லிமீட்டர் கட்டியை இந்த நெறியின்படி இன்று பார்க்கும் மருத்துவர், அடுத்த ஆண்டு இதே மாதம் வந்து ஒரு ஸ்கேன் எடுத்துக்கொள்ளச் சொல்லி அனுப்புவார். ஊசி போடாததால் 'கார்சினோமா' என்று எழுதிய அறிக்கை அவர் கைக்கு வந்திருக்காது; நாட்டின் புற்றுநோய்ப் பதிவேட்டிலும் அவர் பெயர் ஏறியிருக்காது.